காலைக்குளியலில் விட்டுப்போன ‘க்’

கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்தேன். பாதி வரிசைகளுக்கு மேல் சிவப்பு.

சோப்புக் கம்பெனி மேனேஜர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். சோப்புக்காக யார் யார் தங்கள் பக்கத்தில் விளம்பர ரீல் போட்டார்கள், சொன்ன நாளுக்குள் போட்டார்களா என்பதைச் சுவரில் உள்ள பெரிய திரையில் அவரே பார்க்கட்டும் என்று அக்காதான் அழைத்திருந்தாள். அதற்கு முன்பே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "இன்னைக்கு இது சொதப்புச்சுன்னா இந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுடுவேன். பழையபடி ஒவ்வொருத்தர் பக்கமா போய்ப் பார்த்து நீயே கையால நிரப்பு."

அக்கா நடத்தும் இந்த விளம்பர அலுவலகம் ஒரே அறைதான். என் மேசை தண்ணீர் கேன் பக்கத்தில். அங்கே உட்கார்ந்துதான் அந்த ஷீட்டைச் செய்தேன். ஒப்பந்தத்தில் உள்ளது இடப்பக்கம்: யார், ரீலா படமா, எந்தத் தேதிக்குள், என்ன ஹேஷ்டேக். ரீல் போடுகிறவர்கள் தங்கள் கணக்கை ஷீட்டோடு இணைக்கச் சம்மதித்திருந்ததால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய பதிவுகளும் திருத்தங்களும் தாமாக வலப்பக்கம் வந்து விழும். இரண்டும் பொருந்தினால் பச்சை. தேதி தாண்டியும் வராவிட்டால் சிவப்பு.

"என்னடி இது, தக்காளித் தோட்டம் மாதிரி இருக்கு?" அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் போட்டிருக்காங்கக்கா. நான் போன்ல பார்த்துட்டேன்."

"அப்ப உன் சீட்டுக்கட்டுக்குக் கண்ணு தெரியலையா?"

நான் ஷீட் என்பேன். அவளுக்கு அது சீட்டுக்கட்டு.

சிவப்பில் இருந்தவர்களில் ஒருத்தி மாடித்தோட்ட வீடியோ போடுகிறவள்; அந்த மாடித்தோட்டத்துக்காரியின் ரீலைத் திறந்தேன். நல்ல வெளிச்சம், நல்ல நுரை, கம்பெனிக் கணக்கையும் டேக் செய்திருந்தாள். கேப்ஷன் கடைசியில் #காலைகுளியல். பச்சையில் இருந்த பல் டாக்டரின் ரீலைத் திறந்தேன். #காலைக்குளியல். ஒப்பந்தத்திலும் சோப்பு உறையிலும் அப்படித்தான்.

ஒரே ஒரு க். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் ஷீட்டுக்கு அது வேறு சொல்.

"அக்கா, இவங்களுக்கெல்லாம் ஹேஷ்டேக்கை எப்படி அனுப்புன?"

"கொஞ்சப் பேருக்கு டைப் பண்ணேன். அப்புறம் வண்டி ஓட்டிட்டிருந்தேனா, மத்தவங்களுக்கு வாய்ஸ்ல சொன்னேன்."

வாய்ஸ் மெசேஜைக் கேட்டோம். அக்காவின் குரல் அவசரமாக ‘காலைகுளியல்’ என்றது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டுமே சரின்னு ஷீட்ல மாத்திடேன். யாருக்குத் தெரியும்?"

"உறையில இருக்கிறதைத் தட்டித் தேடுறவங்களுக்கு இவங்க ரீல் வராதே. மேனேஜருக்கு அதுதானே வேணும்?"

நான் ஷீட்டின் கட்டளையைப் பிரித்தெழுதினேன். பதிவு வந்ததா என்பதைக் கம்பெனிக் கணக்கை டேக் செய்திருப்பதை வைத்துப் பார்க்கட்டும். தேதியைத் தனியாக. ஹேஷ்டேக்கைத் தனியாக, அது தவறென்றால் வரிசை மஞ்சளாகட்டும். ஓடவிட்டேன். சிவப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாரும் நாள் தவறாமல் போட்டிருந்தார்கள்.

"மஞ்சளா இருக்கிறவங்க கேப்ஷனை மட்டும் திருத்தினா போதும். போட்ட தேதி மாறாது," என்றேன்.

அக்கா போனை எடுத்தாள். இந்த முறை டைப் செய்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

மேனேஜர் உட்கார்ந்ததும் திரையைப் பார்த்தார். "மஞ்சள் என்னம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்நியர் முன்னால் குரலே எழும்பாது. ஆனால் அது என் ஷீட்.

"நாளுக்குள்ள வந்துடுச்சு சார். ஹேஷ்டேக்ல ஒரு க் விட்டுப்போச்சு. எங்க பக்கம் தப்பு. இப்ப திருத்திட்டிருக்காங்க."

"எப்படித் தெரியும், திருத்துறாங்கன்னு?"

"அதுவே சொல்லும் சார்."

சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சின் நடுவே திரை ஒருமுறை சிமிட்டியது. ஒரு மஞ்சள் பச்சையானது. பிறகு மூன்று, ஒன்றாக. அவர் வெயிலை மறந்துவிட்டார்.

மாடித்தோட்டத்துக்காரி மட்டும் அசையவில்லை. அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவள் குரல். "ஏங்க, ஒரு க்குக்காகவா என்னை மாடியிலிருந்து இறக்குனீங்க? மாத்திட்டேன், பாருங்க."

மூவரும் பார்த்தோம். அடுத்த சிமிட்டலில் அந்த வரிசையும் பச்சையானது. மேனேஜர் கைதட்டியேவிட்டார்.

"போன வருஷம் இதைக் கேட்டு நான் எத்தனை பேருக்குப் போன் போட்டேன் தெரியுமா? வருஷம் முழுக்க எங்க வேலையை நீங்களே பாருங்க. ஆனா இந்த ஷீட்டோடதான். யார் செஞ்சது?"

"என் தங்கச்சி," என்றாள் அக்கா. "ஷீட் அவளோடது சார்."

சீட்டுக்கட்டு என்று சொல்லவில்லை.

அவர் போனதும் அக்கா என் மேசையைத் தண்ணீர் கேன் பக்கத்திலிருந்து இழுத்து, பெரிய திரைக்கு எதிரே போட்டாள். பிறகு மாடித்தோட்டத்துக்காரிக்கு நன்றி சொல்லப் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ரொம்ப நன்றிங்க. அடுத்ததும் இதே ஹேஷ்டேக்தான். காலைக்க்க்க்குளியல்."

"டைப் பண்ணுக்கா," என்றேன்.