ஊறல் நின்ற கரை

நாகம்மை ஆச்சிக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கண்ணெதிரே கறந்த பாலையும் விரலை விட்டுப் பார்ப்பார். கோயிலில் கொடுக்கும் விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வார். கணவர் செட்டியார் ரங்கூன் கடையில் இருந்தார். கண்டனூர் வீட்டையும் நிலபுலன்களையும் ஆச்சிதான் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டார். அப்படி ஆளுகிறவருக்குச் சந்தேகமும் சாவிக்கொத்து மாதிரிதான். இடுப்பை விட்டு இறங்கக்கூடாது.

அந்த ஆச்சி சாத்தங்கண்மாய்க் கரையைப் புதிதாகக் கட்டித் தர ஒப்புக்கொண்டது ஊருக்கே ஆச்சரியம். முந்திய மழையில் பழைய கரை உடைந்து, கீழே இருந்த வயல்களை எல்லாம் மணல் மூடிவிட்டது. உடைவதற்கு முன்னால் கரையடியில் சுண்டுவிரல் கனத்தில் தண்ணீர் கசிந்ததை ஆச்சி தன் கண்ணால் பார்த்திருந்தார். "என்னமோ ஊறுது" என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள். அன்று முதல் கரையில் கசிவு என்று கேட்டாலே அவருக்குக் குலை நடுங்கும். இதை மட்டும் சந்தேகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது பயம்.

வேலையைப் பார்க்க வந்தவன் பூமிநாதன். காளையார்கோவில்காரன், பட்டணத்தில் படித்து ஓவர்சியர் ஆனவன். மண்வேலைக்கு, ஊர் ஊராகப் போய் மண் வெட்டிப் பிழைக்கும் செம்மலையின் கூட்டம் வந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கழுதைகளுமாக வந்து, கரைக்குக் கீழேயே குடிசை போட்டுத் தங்கினார்கள்.

களிமண் வந்திறங்கிய வரையில் ஆச்சி வாயைத் திறக்கவில்லை. ஆற்று மணல் வண்டி வண்டியாக வரத் தொடங்கியதும் மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லி நேரே வந்துவிட்டார்.

"மண்கரைக்கு மணலு எதுக்கு, ஓவர்சியர்?"

"நடுவுல களிமண் சுவர் இருக்கு ஆச்சி. மிதிச்சு மிதிச்சு, அடியில செம்பாறை தட்டுற வரைக்கும் இறக்கியிருக்கேன். தண்ணியை அதுதான் மறிக்கும்."

"மறிச்சாச்சுல்ல? அப்புறம் மணலு எதுக்குன்னுதானே கேக்குறேன்."

"எவ்வளவு மறிச்சாலும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். ஊறினது வெளிப்பக்கத்து மண்ணுக்குள்ள தேங்கக்கூடாது. அடியோட இறங்கி வெளிய வந்துரணும். ஆனா வரும்போது மண்ணைக் கூட்டிக்கிட்டு வரக்கூடாது. அதுக்குத்தான் கரையடியில மண்ணை ஒட்டி மணல், மணலை ஒட்டிச் சரளை, சரளையை ஒட்டிக் கல்லு. மண்ணு மணலைத் தாண்டாது, மணலு சரளையைத் தாண்டாது. தண்ணி மட்டும் தாண்டும்."

"ஆக, ஓட்டை வச்சுக் கரை கட்டுறீக."

"ஓட்டை இல்ல ஆச்சி, வழி."

"களவாணியும் அப்படித்தான் சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு ஆச்சி வண்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஆச்சியின் காரியஸ்தர் முத்தப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு கரை மேல் நின்றார். பூமிநாதன் குனிந்தால் அவரும் குனிந்தார். வெற்றிலை போட ஒதுங்கினால் அவரும் ஒதுங்கினார். பூமிநாதன் கை சுத்தமானவன். அவனுக்கு இந்தக் காவல் முள்ளாகக் குத்தியது. பிறர் நம்மைச் சந்தேகப்பட்டால் நாம் ஒன்றும் பெருந்தன்மைக்காரர்களாக ஆகிவிடுவதில்லை. நமக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொள்கிறது. அவனும் ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

ஒரு நாள் நடுச்சுவரில் போட்ட களிமண் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேலேயே அடுத்த வரிசையைப் போட்டால் வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்துவிடும். பூமிநாதன் அந்த வரிசை முழுவதையும் தோண்டி எடுத்து, நனைத்து, மறுபடி மிதிக்கச் சொன்னான். செம்மலை மறுபேச்சுப் பேசாமல் செய்தான், ஆனால் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கறுத்த முகத்தைப் பூமிநாதன் மறக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நிறைந்தது. பூமிநாதன் சொன்னபடியே கரையடிக் கல்லடுக்கிலிருந்து தண்ணீர் சுண்டுவிரல் கனத்தில் இறங்கி ஓடியது. ஆச்சி அதைப் பார்த்ததும் வெளிறிப்போனார். பூமிநாதன் ஒரு கண்ணாடித் தம்ளரில் அதைப் பிடித்து நீட்டினான்.

"பாருங்க ஆச்சி, எவ்வளவு தெளிவா இருக்கு! தெளிவா வந்தா தண்ணி மட்டும் வருதுன்னு அர்த்தம். கலங்கி வந்தாத்தான் உள்ள மண்ணு அரிக்குதுன்னு அர்த்தம். அன்னைக்குக் கலங்கித்தானே வந்துச்சு?"

ஆச்சி தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், கீழே கொட்டினார்.

அந்த மழையில் பூமிநாதன் காய்ச்சல் கண்டு காளையார்கோவிலுக்குப் போய்ப் படுத்துவிட்டான். உடம்பு தேறித் திரும்பி வரும்போது, சின்னக்கண்ணு வழியிலேயே எதிர்ப்பட்டான். கண்மாய்க்குக் கீழே நிலம் வைத்திருப்பவன். போன உடைப்பில் எல்லாவற்றையும் இழந்தவன். அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"ஓவர்சியரய்யா, ஊறல் நின்னுபோச்சு! ஒரு சொட்டு இல்ல!"

பூமிநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கண்மாய் தளும்ப நிற்கிறது. ஊறல் மட்டும் நின்றுவிட்டதென்றால், ஊறுகிற தண்ணீர் எங்கே போகிறது?

ஓடிப்போய்ப் பார்த்தான். கல்லடுக்கு முழுவதையும் களிமண் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, சாணி மெழுகின தரை மாதிரி வழவழவென்று அடைத்திருந்தார்கள். அதற்கு மேலே கரைச்சரிவில் ஓர் ஆள் உயரத்துக்குப் புல் நனைந்து மினுமினுத்தது. காலை வைத்தான். கணுக்கால் வரை புதைந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் கரைக்குள்ளேயே தேங்கி, மேலே மேலே ஏறி, மணலும் சரளையும் இல்லாத இடத்தில் வெளியே வரத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊறினால் அந்தச் சரிவு அப்படியே வழுக்கி இறங்கும். பிறகு நடுச்சுவர் மட்டும் எத்தனை நேரம் நிற்கும்?

யார் செய்தது? அவன் கண் முன்னால் அந்தக் கறுத்த முகம் வந்து நின்றது. நேரே குடிசைக்குப் போனான்.

"இப்படி இடிச்சு இறுக்க உன் கையை விட்டா இந்தச் சுத்துப்பட்டியில யாருக்குடா வரும்?"

செம்மலை எழுந்து நின்றான். "நான் தொடலை எசமான். எங்க ஆளுக யாருமே தொடலை. யாரு செஞ்சாகன்னு சொல்ற எடத்துல நாங்க இல்ல."

"மண்ணைத் தோண்டி எடுக்கச் சொன்னேன்ல, அந்தக் கோவம்!"

"எசமான், நாங்க கரைக்குக் கீழ படுக்குறோம். எம்பிள்ளைகளும் இங்கதான் படுக்குது. ஒடைஞ்சா முதல்ல யாரு தலையில வந்து விழுகும்? கொஞ்சம் ரோசனை பண்ணுங்க."

"ரோசனையெல்லாம் போலீசு வந்து பண்ணும்!"

போலீசு என்ற சொல் காதில் விழுந்ததும் செம்மலையின் பெண்சாதி மலையம்மாள் அடுப்பில் இருந்த பானையை இறக்கினாள். செய்யாத குற்றத்துக்கு அடிவாங்கிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். குடிசைகள் பிரிந்தன, கழுதைகள் மேல் மூட்டைகள் ஏறின. பூமிநாதன் அதையும் பார்த்தான். "மடியில் கனம், அதான் ஓடுகிறான்" என்று நினைத்துக்கொண்டான். கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே பார்வையால் தன்னைப் பார்த்ததற்காக ஆச்சியை மனசுக்குள் திட்டியவன்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு தானே கல்லடுக்குக்கு முன்னால் குந்தினான். இரண்டு குத்துக்கூடக் குத்தியிருக்க மாட்டான்.

"அய்யோ, கரையை வெட்டுறான்! வாங்கடா!"

சின்னக்கண்ணுதான் கத்தினான். மழைக்காலத்தில் நிறைந்த கண்மாய்க் கரையடியில் கடப்பாரையோடு நிற்பவன், பெற்ற தகப்பனாக இருந்தாலும் எதிரிதான். பத்துப் பேர் ஓடி வந்து கடப்பாரையைப் பிடுங்கினார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான். யாரோ கண்டனூருக்கு ஓடினார்கள். ஆச்சியின் வண்டி வந்து சேரும்வரை பூமிநாதன் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

"நின்ன தண்ணியை எதுக்குத் தொறக்கப் போறீக?" என்றார் ஆச்சி. "கரை போனா மழைமேல பழியப் போட்டுட்டு, நீக போட்ட மணலை மறைச்சுரலாம்னா?"

"என் பேச்சை நம்ப வேணாம் ஆச்சி. உங்க காலை நம்புங்க. அந்தச் சரிவுல ஒரு எட்டு வச்சுப் பாருங்க."

ஆச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முத்தப்பன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, சரிவில் ஏறினார். இரண்டாவது எட்டில் கால் புதைந்தது. இழுத்து எடுத்தார். பாதம் இருந்த பள்ளத்தில் தண்ணீர் மஞ்சளாகச் சுரந்து நிறைந்தது. குனிந்து அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். நைசான மண் விரல்களில் ஒட்டியது. அன்று உடைப்புக்கு முன்னால் பார்த்த அதே நிறம்.

"தொறங்கடா!" என்று கத்தினார். "ஓவர்சியர் சொல்றபடி தொறங்க!"

அதன் பிறகு பூமிநாதன் சொன்னதுதான் சட்டம். சரிவில் ஒரு கூடை மண்ணையும் தோண்டக்கூடாது. கல்லடுக்கின் மேல் அப்பிய களிமண்ணை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்க வேண்டும். சதசதத்த இடத்தில் முதலில் மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் பாரம். களிமண் கொண்டு வந்தவனுக்கு உதை. மடையையும் அளவாகத் திறந்துவிட்டான். அடைப்பு விட்டதும் தண்ணீர் செக்கச்செவேலென்று பீறிட்டது, பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். மெல்ல மெல்ல நிறம் மாறியது. பொழுது சாயும்போது கல்லடுக்கிலிருந்து ஓடியது தெளிந்த தண்ணீர். சரிவு இறுக இன்னும் நாளாகும், ஆனால் அது இறங்காது என்று பூமிநாதனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாடா என்று அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஆச்சி தம்ளரைத் தாமே கேட்டு வாங்கித் தண்ணீர் பிடித்துப் பார்த்தார்.

"செம்மலையைச் சும்மா விடக்கூடாது ஆச்சி" என்றான் பூமிநாதன். "அடைச்சதும் அவன்தான், ஓடினதும் அவன்தான்."

"அவன் எதுக்கு அடைக்கிறான்? நான்தான் அடைக்கச் சொன்னேன். முத்தப்பன் நம்ம வீட்டு ஆளுகளை வச்சு அடைச்சாரு. தளம் இடிச்சுப் பழகின கை, அதான் அம்புட்டுச் சுத்தம்." ஆச்சியின் குரலில் ஒளிவு மறைவு இல்லை. "கசிவுன்னா எனக்குப் பயம். தப்புத்தான். ஆனா நீக என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டீகளா?"

அவன் கேட்கவில்லை. ஆச்சியைக் கேட்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து, செம்மலையின் கூட்டம் போன கொத்தமங்கலம் சாலையில் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் கூட்டத்தைப் பிடித்தான். கழுதைகளுக்குப் பின்னால், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செம்மலை நடந்துகொண்டிருந்தான்.

"செம்மலை, நில்லு! ஆச்சிதான் அடைக்கச் சொன்னாகளாம். நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்பி வாங்க."

செம்மலை நின்றான். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"ஆச்சி சொன்னதும் தெரிஞ்சுபோச்சாக்கும்" என்றான். "நானும் அதைத்தானே சொன்னேன் எசமான்."

செம்மலை கழுதையைத் தட்டிவிட்டு நடந்துவிட்டான்.