நன்றி சொன்னதால் மூடிய டிக்கெட்டுகள்

கால்நடை மருத்துவமனையில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் குளிரவில்லை. ஃபிரிட்ஜ் கம்பெனியின் சாட்பாட் செக்குமாடு மாதிரி அதே கேள்விகளையே சுற்றிச் சுற்றிக் கேட்டது. நான்காம் நாள், "ஆளோடு பேச வேண்டும்" என்று மூன்று முறை தட்டிய பிறகுதான் மருத்துவமனை நர்ஸுக்கு போனில் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. நோட்டில் எழுதி வைத்திருந்த நான்கு புகார் டிக்கெட் எண்களையும் வாசித்தாள்.

"எல்லாமே முடிஞ்சதுன்னு இருக்கே மேடம்."

"யாருங்க முடிச்சது?"

"நீங்கதான். 'வேறு உதவி வேண்டுமா'ன்னு பாட் கேட்டப்போ 'இல்லை, நன்றி'ன்னு போட்டிருக்கீங்க. உடனே டிக்கெட் தானா மூடிடும். வாரண்டியும் நேத்தோட முடிஞ்சிருச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரியாதைக்குச் சொன்ன நன்றி!

"முதல் டிக்கெட் திங்கக்கிழமை போட்டதுங்க..."

அவன் தேதியைப் பார்த்தான். "அப்போ வாரண்டி இருந்திருக்கு. அதையே திறந்துடறேன். இன்னைக்கே ஆள் வரும்."

போனை வைத்ததும் அவள் நோட்டில் அந்த முதல் எண்ணை வட்டமிட்டாள்.