அறுபத்தைந்துக்கு எத்தனை முக்கோணம்

தாபோடித் தொழிற்சாலையில் அன்று மதியம் ஒரு மணிக்குத் தேர்வுப் பட்டியலை ஒட்டினார்கள். அமல்ராஜ் கூட்டத்தை முழங்கையால் விலக்கி உள்ளே புகுந்தான். முதல் வரியிலேயே அவன் பெயர். நூற்றுக்கு எண்பத்தொன்று. இரண்டாவது வரியில் கீர்த்தி, எண்பது. இருந்ததோ ஒரே ஒரு இடம், வரைபடப் பிரிவின் தலைமை வரைவாளர். அடுத்த மாதம் அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்தத் தேர்வை எழுத விடமாட்டார்கள்.

பதினொரு வருடமாக வரைபடத்தின் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவனுக்கு அலுத்துவிட்டது. பக்கத்துக் கட்டம் 'சரிபார்த்தவர்', அது தலைமை வரைவாளருக்கு. அந்தக் கட்டத்தின் மேல் அவனுக்கு இருந்த ஆசையைக் கல்யாணம் ஆன புதிதில் மனைவி ரோஹிணியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. இன்று அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று, ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் இரண்டு அரைக் கிளாஸ் கட்டிங் சாயும் ஒரு வடாபாவும் வாங்கி உட்கார்ந்தான்.

மூன்றே காலுக்குக் கீர்த்தி வந்தாள். அவனைவிட ஆறு வயது சின்னவள். அடுத்த மேஜைக்காரி. மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சேர்ந்துதான் படித்தார்கள். கையில் ஒரு தாளும் கார்பன் நகலும் வைத்திருந்தாள்.

"அண்ணா, முப்பத்தெட்டாம் கேள்விக்கு என்ன போட்டீங்க?"

"ரெண்டு. நீ?"

"நாலு. விடைக்குறிப்புல ரெண்டுன்னு ஒட்டியிருக்காங்க. அது தப்பு."

அமல்ராஜுக்குக் கேள்வி நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று பக்கமும் முழு எண்ணாக, கர்ணம் அறுபத்தைந்தாக எத்தனை செங்கோண முக்கோணம் உண்டு? பத்து நொடியில் போட்ட கணக்கு அது. அவர்கள் படித்த கையேட்டில் வழி இருந்தது. இரண்டு எண் எடு. பெரியதின் வர்க்கத்திலிருந்து சின்னதின் வர்க்கத்தைக் கழி, ஒரு பக்கம். இரண்டையும் பெருக்கி இரட்டி, இன்னொரு பக்கம். வர்க்கங்களைக் கூட்டு, கர்ணம். இரண்டும் ஒன்றும் எடுத்தால் மூன்று, நான்கு, ஐந்து. மூன்றும் இரண்டும் எடுத்தால் ஐந்து, பன்னிரண்டு, பதின்மூன்று. அறுபத்தைந்து என்றதும் எந்த இரண்டு வர்க்கம் கூடினால் அது வரும் என்று தேடினான். அறுபத்துநான்கும் ஒன்றும். நாற்பத்தொன்பதும் பதினாறும். இரண்டு வழி, இரண்டு முக்கோணம். பேனா தானாகவே 'இரண்டு' என்ற கட்டத்துக்குப் போனது.

"ஃபார்முலா போட்டா ரெண்டுதானே வருது?" என்றான்.

"ஃபார்முலாவுல எல்லாம் வராது அண்ணா. அறுபத்தஞ்சுன்னா அஞ்சு பதிமூணு. மூணு நாலு அஞ்சை பதிமூணால பெருக்குங்க, முப்பத்தொம்பது, அம்பத்திரண்டு, அறுபத்தஞ்சு. அஞ்சு பன்னெண்டு பதிமூணை அஞ்சால பெருக்குங்க, இருபத்தஞ்சு, அறுபது, அறுபத்தஞ்சு. ரெண்டுமே செங்கோணம்தானே?"

மேஜையில் சிந்தியிருந்த தேநீரில் விரலைத் தொட்டு எழுதிப் பார்த்தான். அறுநூற்று இருபத்தைந்தும் மூவாயிரத்து அறுநூறும் நாலாயிரத்து இருநூற்று இருபத்தைந்து. அறுபத்தைந்தின் வர்க்கமும் அதுவேதான்.  பெருக்கி வரும் முக்கோணங்களில் சில அந்த வழிக்குள் அகப்படாது என்று கையேட்டின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது. அவன்தான் அவளுக்கு அதை வாசித்துக் காட்டியிருந்தான். தேர்வு அவசரத்தில் அவனே மறந்துவிட்டான்.

விடை மாறினால் அவளுக்கு எண்பத்தொன்று. அவனுக்கு எண்பது.

"ஆட்சேபம் கொடுக்க நாலு மணி வரைக்கும்தான் டைம். ரெண்டு பேர் கையெழுத்து வேணுமாம், தேர்வு எழுதினவங்க. ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் வாங்குவாங்க. கணக்குல ஒரு எண் தப்புன்னாலும் தள்ளிடுவாங்க." கீர்த்தி அவன் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே பேசினாள். "மத்த ஏழு பேர்ல நாலு பேர் ஷிஃப்ட் முடிஞ்சு போயிட்டாங்க. மூணு பேர் மாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்ட கேட்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

கேட்காமலே இருந்திருக்கலாம் பாவி, என்று அவன் மனதுக்குள் திட்டினான். வாய் மட்டும் "தா, படிச்சுப் பார்க்கிறேன்" என்றது.

தாளை வாங்கினான். நான்கு முக்கோணங்களையும் வரிசையாக எழுதியிருந்தாள். பதினாறு, அறுபத்துமூன்று. முப்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து, அறுபது. கடைசி வரியில் முப்பத்துமூன்று, ஐம்பத்தைந்து.

ஐம்பத்தைந்து இல்லை. ஏழும் நான்கும் எடுத்தால் நாற்பத்தொன்பதில் பதினாறு போக முப்பத்துமூன்று. ஏழு நான்கு இருபத்தெட்டு, இரட்டித்தால் ஐம்பத்தாறு. அவசரத்தில் ஒன்று குறைத்து எழுதியிருக்கிறாள்.

கேன்டீன் கடிகாரம் மூன்று நாற்பது காட்டியது. அமல்ராஜ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போட்டால் போதும். நல்லவன் என்று பேர் வாங்கலாம், ஆட்சேபம் தானாகவே விழுந்துவிடும், திங்கட்கிழமை அந்தக் கட்டம் அவனுடையது. யாருக்கும் தெரியவராது. அவளே தன் தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

கையெழுத்துப் போட்டான். பெயரின் கடைசி எழுத்து கோணலானது.

கீர்த்தி கண் கலங்கி நின்றாள். "உங்களுக்கு ஒண்ணு குறையுமே அண்ணா."

"தெரியும். போ, டைம் ஆகுது."

அவள் ஓடினாள். அமல்ராஜ் ஆறிப்போன தேநீரை வாயில் வைத்தான், இறங்கவில்லை. வேறு யாரையாவது ஏமாற்றுவது ஒரு மாதிரி, அவள் கண் கலங்கிவிட்டுப் போன பிறகு ஏமாற்றுவது வேறு மாதிரி. தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினான். ஷெட்டைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, நிர்வாகக் கட்டிடத்தின் இரண்டு மாடியையும் மூச்சிரைக்க ஏறினான்.

தேர்வுப் பிரிவு கிளார்க் ஜாதவ் தாளை வாங்கி முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"ருக்கியே சாப், ஒரு நிமிஷம்," என்று கவுண்டரில் கையை நீட்டித் தாளை மறைத்தான். பிறகு கீர்த்தியைப் பார்த்தான். "கடைசி வரி. ஏழும் நாலும் எடுத்துப் போட்டுப் பாரு."

அவள் உதடு அசைந்தது. முகம் வெளிறியது. பேனாவைப் பிடுங்கி ஐந்தை அடித்து ஆறு எழுதினாள், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். அவனும் போட்டான்.

ஜாதவ் பட்டியலை எடுத்துப் பெயர்களைச் சரிபார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து இந்தியில் கேட்டார், "முதல் பெயர் உன்னுடையதுதானே? நீ என்ன விடை போட்டாய்?"

"ரெண்டு."

"அப்படியானால் இது எதற்கு?"

"நாலுதான் சரி, சாப்."

ஜாதவ் மூன்று ஐம்பத்தெட்டு என்று எழுதி முத்திரை குத்தினார். வெளியே படிக்கட்டில் கீர்த்தி, "முதல்லயே பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்," என்றான்.

புதன்கிழமை வந்த புதுப் பட்டியலில் முதல் வரியில் கீர்த்தி. அன்றிரவு ரோஹிணி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கீர்த்தி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அமல்ராஜ் ஒரு தாங்கியின் படத்தைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தான். செங்கோணத்துக்கு இருபுறமும் இருநூற்றைம்பது, அறுநூறு. குறுக்குக் கம்பி அறுநூற்றைம்பது மில்லிமீட்டர். அவள் கணக்குத்தாளைத் தேடவில்லை. பார்த்ததும் மூன்று எண்ணுக்கும் சிவப்பு டிக் போட்டாள். பிறகு 'சரிபார்த்தவர்' கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"போடு," என்றான் அமல்ராஜ். "ஒர்க்ஷாப்ல காத்துக்கிட்டிருக்காங்க."