ஒற்றைப் பல்

பஸீஹாவின் இடது கன்னத்துக்குள் இருந்த புண் ஆறவில்லை. வெற்றிலையை விட்டுப் பார்த்தாள், மடவளை நாட்டு வைத்தியர் கொடுத்த தைலத்தைத் தடவிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அது கல்லாய்த் தடித்துப்போனது. அந்த 1936ஆம் வருஷம் கண்டியில் அவளைப் பார்த்த பெரிய டாக்டர், இது புற்றுநோய், கொழும்புக்குப் போய் ரேடியம் வைக்க வேண்டும், அதற்கு முன் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பல் வைத்தியர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக் கடைவீதியில் ஒரு மாடியில் அறை வைத்திருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிச் சின்னக் கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பக்கத்தில ஏழு பல்லுக் கழட்டவேணும். பிறகு புண் ஆறுறதுக்கு ரெண்டு கிழமை, பதினாலு நாள். அதுக்குப் பிறகுதான் ரேடியம்."

பஸீஹாவின் கணவர் முனாப் கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை வைத்திருந்தவர். எளிதில் குரலை உயர்த்தாத மனுஷன். அன்று உயர்த்தினார்.

"டாக்டர், அந்தப் பெரிய டாக்டரு ஒரு நாளும் தாமதிக்க ஏலாண்டு சென்னாரு. நீங்க ரெண்டு கிழமை நில்லுண்டு செல்றீங்க. புத்துநோவு கன்னத்துல, பல்லுல இல்லையே?"

"ஓம், நோவு கன்னத்திலதான். ஆனா ரேடியம் பட்ட தாடை எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைஞ்சுபோம். பிறகு பல்லுப் புடுங்கினா அந்தக் கிடங்கு, பல்லிருந்த குழி, மூடாது. எலும்பு செத்துப்போம். இப்ப எடுத்தா ஆறும், பிறகு எடுத்தா ஆறாது. அவ்வளவுதான் விசயம்."

இரண்டு நாளில் ஆறு பற்கள் போயின. கடைசியாக, கீழ்வரிசையில் முன்புறமாக நின்ற ஒன்றை அவர் தொட்டபோது பஸீஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று கெஞ்சினாள். முப்பத்தெட்டு வயது. சிரித்தால் ஊர் பார்க்கும் என்ற வெட்கம். வைத்தியர் அதைத் தட்டினார், ஆட்டினார். ஆட்டமில்லை, சொத்தையில்லை.

"சரி, விடுறன். ஆனா ஒரு நிபந்தனை. இது ஒரு வருஷக் கதையில்லை, உயிருள்ளவரைக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உப்பும் அப்பச்சோடாவும் போட்ட தண்ணியில கொப்பளிக்கவேணும். மெல்லிய பிரஷ்ஷால துலக்கவேணும். எச்சில் வத்திப்போம், அதுக்காக இனிப்பு சூப்பக்கூடாது. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா என்னட்ட வரவேணும். இருவது வருஷம் போனாலும் ரேடியத்தைப் பற்றிச் சொல்லாமல் எவனிட்டயும் பல்லுப் புடுங்கக்கூடாது."

கிடங்குகள் மூடிய பின் கொழும்புக்குப் போனார்கள். கன்னத்தில் ஊசி ஊசியாய் ரேடியம் குத்தினார்கள், கழுத்துக்கு வெளியிலிருந்தும் கதிர் பாய்ச்சினார்கள். வாயெல்லாம் வெந்து, தண்ணீரே நெருப்பாய் இறங்கிற்று. ஆனால் புண் கரைந்தது. மூன்றாம் மாதம் அது இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் மிஞ்சியது.

வாய் மட்டும் காய்ந்தே கிடந்தது. சோற்றைக் குழம்பில் குழைத்தாலும் தொண்டையில் ஒட்டும். பஸீஹா முதல் வருஷம் சொன்னபடியெல்லாம் செய்தாள். பிறகு, ஒரு துண்டுக் கற்கண்டை நாக்கில் வைத்தால் கொஞ்சம் ஈரம் ஊறுகிறது என்று கண்டுகொண்டாள். சேலை முடிச்சில் எந்நேரமும் கற்கண்டு இருந்தது. வைத்தியரிடம் போவதும் குறைந்தது. நோவுதான் போய்விட்டதே!

1938இல் அந்தப் பல் ஈறோரமாய்க் கறுத்தது. பிறகு வலித்தது. முனாப் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். மூன்று நாள் தூக்கமில்லை, சாப்பாடில்லை. நாலாம் நாள் முனாபின் அக்கா றம்லத்தைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினாள். மாடிப்படி ஏறிப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. டாக்டர் யாழ்ப்பாணம் போயிட்டார், வரப் பத்து நாளாகும் என்றான் கீழ்க்கடைக்காரன்.

பஸீஹா படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"பத்து நாளைக்கி உசிரோட இரிக்க ஏலா மதினி!"

"ஏன் புள்ள அழுற? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில பல்லுப் புடுங்குற ஆள் இரிக்கான். ஒரு நிமிஷ வேலை."

"டாக்டர் வேணாண்டு சென்னாரு."

"அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி சென்னது."

வைத்தியர் இருபது வருஷம் என்று சொன்னது பஸீஹாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பாலத்தடிக்கு நடக்கும்போதும் இருந்தது, வாயைத் திறந்தபோதும் இருந்தது. ஆனாலும் திறந்தாள். பல் சுலபமாகவே வந்தது. வலி நின்ற சந்தோஷத்தில் அன்று மத்தியானமே தூங்கிப்போனாள்.

கிடங்கு மூடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே வெள்ளையாய் எலும்பு தெரிந்தது. நாக்கால் தொட்டால் சொரசொரவென்றிருந்தது. பிறகு நாற்றம் வந்தது. பஸீஹா தலைச்சேலையை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டாள், தனியாகச் சாப்பிட்டாள், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோவு திரும்பிவிட்டது, இனிப் பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணிதான் என்று தீர்மானித்துவிட்டாள். தொழுகைப்பாயில் உட்கார்ந்து, பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கேட்டு அழுதாள்.

தாடைக்குக் கீழே தோல் உடைந்து சீழ் வந்த அன்றுதான் முனாபுக்குத் தெரிந்தது. "எனக்கிட்ட செல்லல்லயே புள்ள!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸிலேயே கண்டிக்குக் கூட்டிப்போனார்.

ராஜரத்தினம் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஆர் புடுங்கினது?"

அவள் சொன்னாள். கற்கண்டையும் சொன்னாள்.

"அண்டைக்கு நான் அந்தப் பல்லை விட்டிருக்கக்கூடாது," என்றார் மெதுவாக. "என்னிலயும் பிழை இருக்கு."

"நோவு திரும்பிட்டுதா டாக்டர்?"

"இது செத்த எலும்பு மாதிரித்தான் தெரியுது. ஆனா நிச்சயமாத் தெரியவேணும்."

ஓரத்துச் சதையில் துளியளவு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் முனாப் கடையைத் திறந்துவைத்துவிட்டு, வந்தவர்களுக்கு என்ன துணி கொடுத்தோம் என்று தெரியாமல் இருந்தார். பஸீஹா தன் உடுப்புகளை யார் யாருக்கென்று பிரித்துக் கட்டினாள்.

பதில் வந்தது. புற்றுநோய் இல்லை.

"ஆனா இதை வெட்டிச் சுரண்டினா இன்னும் பரவும்," என்றார் வைத்தியர். "செத்த துண்டு தானாப் பிரிஞ்சு வரும்வரைக்கும் கழுவிக் கழுவிப் பொறுத்திருக்கவேணும்."

எட்டு மாதம். காலையும் மாலையும் முனாப் ஒரு சின்னப் பீச்சாங்குழலால் உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். நாற்றத்துக்கு முகம் சுளிக்கவேயில்லை. எத்தனையோ நாள் அவள் குழலைத் தட்டிவிட்டு, "என்ன மௌத்தாக விடுங்க" என்று சாவைக் கேட்டுக் கத்தினாள். அவர் மறுபடி தண்ணீர் காய்ச்சினார். ஒன்பதாம் மாதம் எலும்பு ஆடியது. வைத்தியர் இடுக்கியால் மெல்ல எடுத்தார். பேரீச்சங்கொட்டை அளவுதான். கிடங்கு மெல்ல மெல்ல மூடிற்று. தாடை ஒருபக்கம் ஒடுங்கியது, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உயிர் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதத்தவணை ஒன்றையும் அவள் தவறவிட்டதில்லை. அடுத்த வருஷம் அப்படிப் போயிருந்த ஒருநாள், படிக்கட்டில் ஒரு தோட்டத்துப் பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், பெயர் பாப்பம்மா. நாக்கில் புண், அடுத்த மாதம் கொழும்பில் ரேடியம்.

"பல்லெல்லாம் புடுங்கணும்ங்கிறாங்கம்மா. நல்ல பல்லும் நாலு இருக்கு. அதையாச்சும் விடச்சொல்லிக் கேக்கப் போறேன்."

பஸீஹா பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு வருஷமாய் வெளியாருக்குக் காட்டாத முகத்திலிருந்து சேலையை எடுத்தாள்.

"நானும் அப்படித்தான் கேட்டேன். ஒரு பல்ல விட்டாரு."

பாப்பம்மா அந்த ஒடுங்கிய தாடையை, கீழே குழிந்திருந்த தழும்பைப் பார்த்தாள். பயந்துபோய்ப் பின்வாங்கினாள், பிறகு கிட்ட வந்து பார்த்தாள்.

"அந்தப் பல்லாலயா?"

"அத நான் பாத்துக்கொள்ளாததால. ஒங்களுக்குத் தோட்டத்துல மூணு மாசத்துக்கு ஒருக்கா வர லீவு தருவாங்களா?"

பாப்பம்மா சிரித்தேவிட்டாள், அழுகையோடு. "பிள்ளை பெத்தாலே தரமாட்டாங்கம்மா."

"அப்ப எல்லாத்தையும் எடுக்கச் செல்லுங்க."

"ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும்," என்றாள் பஸீஹா. "வாங்க, நான் பக்கத்துல இரிக்கேன்."

இருவரும் படியேறினார்கள்.