ஒரே பாத்திரத்தில் இரண்டு முட்டை

அக்கா கல்யாணம் செய்துகொண்டு போன மறுவாரம் பூட்டுக்காரர் முட்டைக் கடையில் சண்டைக்கு நின்றார்.

"நீங்க குடுத்த முட்டை அத்தனையும் கெட்டுப் போயிருக்கும்மா. உள்ள பச்சையா இருக்கு."

கடைக்கார அம்மா கணக்குப் பார்ப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். "பச்சையாவா? எங்க பச்சையா?"

"மஞ்சக்கருவைச் சுத்தி. பாசி புடிச்ச மாதிரி. வாடை வேற, கிட்ட மூக்கைக் கொண்டுபோக முடியல."

"எவ்ளோ நேரம் அடுப்புல வெச்சீங்க?"

"நல்லா வேகட்டும்னு வெச்சேன். குளிச்சுட்டு வந்து எடுத்தேன்."

"எடுத்து பச்சத் தண்ணியில போட்டீங்களா?"

"ஆறட்டும்னு அப்படியே விட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, முட்டை மேல பழி போடாதீங்க. ரொம்ப நேரம் வெந்து, சூட்டுலயே கிடந்தா மஞ்சளும் வெள்ளையும் சேருற எடத்துல பச்சை வளையம் கட்டும். சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, கண்ணுக்குத்தான் நல்லா இருக்காது. இத்தனை நாள் யாரு வேக வெச்சாங்க உங்களுக்கு?"

பூட்டுக்காரர் சில்லறையை எண்ணி நீட்டினார். ஆறு முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு ஐம்பதைத் தொடும் வயது. பேருந்து நிலையத்தின் பக்கவாட்டில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் சாவி வெட்டிக் கொடுப்பார், பூட்டுப் பழுது பார்ப்பார். அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவள். வீட்டிலேயே பைகள் தைத்துக் கொடுப்பாள். அப்பா அம்மா போன பிறகு இரண்டு பேருமாக அதே மாடி வீட்டில் இருந்தார்கள். தம்பிக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்காவுக்கு அமைந்ததெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப் போனது. இனி இப்படித்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்த நேரத்தில், பை வாங்க வந்த பேக்கரிக்காரர் ஒருவர் அக்காவைக் கேட்டார். அக்காவும் சரி என்றாள்.

பூட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போனார், சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி கடை திறக்க வேண்டும் என்று ஓடி வந்துவிட்டார். மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் என்பதே இல்லாமல் போனது. தையல் மெஷின் நின்ற மூலையில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. சாப்பாட்டை மதியமும் இரவும் ஓட்டலில் பார்த்துக்கொண்டார். காலையில்தான் தகராறு. காலையில் அவருக்கு ரொட்டியும், கரு வழியும் முட்டையும் வேண்டும். அக்கா கொடுத்துப் பழக்கிய நாக்கு.

கடைக்கார அம்மா சொன்னதை வைத்துக்கொண்டு அவரே முயன்றார். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்கினார். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்துப் போட்டதால் முதல் முட்டை விரிசல் விட்டு, வெள்ளை நூல் நூலாக வெளியே வந்தது. அடுத்த நாள் முட்டையைக் கொஞ்சம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்தார். ஏழு நிமிடத்தில் வெளியே எடுத்தும்விட்டார். ஆனால் தட்டில் வைத்துவிட்டு முகம் மழிக்கப் போனார். வந்து உடைத்தால் கரு இறுகியிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கினாலும் முட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் ஐஸ் போட்ட தண்ணீரை வைத்துக்கொண்டார். ஏழு நிமிடம் ஆனதும் முட்டை நேராக அதற்குள் போனது. உரித்து நடுவில் கீறினார். வெள்ளை கெட்டியாக நிற்க, கரு தேன் மாதிரி இறங்கி ரொட்டியில் பரவியது.

"அக்கா, இங்க பாரேன்!" என்று திரும்பிவிட்டார்.

எதிர் நாற்காலியில் அவர் முந்தின நாள் கழற்றிப் போட்ட சட்டை கிடந்தது.

அன்று சாப்பிடும்போதுதான் அக்காவின் தட்டு அவர் ஞாபகத்துக்கு வந்தது. அவள் முட்டையிலும் எப்போதும் பச்சை வளையம் இருக்கும். ஒரே பாத்திரத்தில்தான் இரண்டு முட்டையையும் போடுவாள். அவருடையதை முதலில் எடுத்து, குளிர வைத்து, உரித்துக் கொடுப்பாள். அவளுடையது உள்ளேயே கிடக்கும். அவர் கடைக்குக் கிளம்பும்போதுதான் அவள் சாப்பிட உட்காருவாள். ஒரு நாள் போகிற போக்கில், "உனக்குக் கெட்டியாதான் பிடிக்குமா?" என்று கேட்டிருந்தார். "ம்" என்றிருந்தாள்.

பிடித்துத்தான் அதைச் சாப்பிட்டாளா என்ற ஐயம் தீரவில்லை. மறுநாள் அவரும் இரண்டு முட்டை போட்டார். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். மற்றதை, அடுப்பை அணைக்காமல், சாப்பிட்டு முடிக்கும்வரை விட்டார். உடைத்தார். அதே சாம்பல் பச்சை, அதே வாடை. கரு மாவாக உதிர்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடமும் அக்கா தனக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு இதைத் தின்றிருக்கிறாள். கடைசியில் அவள் வாழ்க்கையில் ஒரு நல்லது நடந்தபோது, தான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் ஒரு பொட்டலத்தில் நாலு முட்டை.

கதவைத் திறந்த அக்கா உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவா வாடா. அவர் தூங்கறார்" என்றாள். "விடியறதுக்கு முன்னாலயே போய் ரொட்டி போட்டுட்டு இப்பதான் வந்து படுத்தார்."

"நீ உக்காரு. நான் உனக்கு ஒண்ணு செஞ்சு தரேன்."

"நீயா? அடுப்பு எந்தப் பக்கம் பத்தும்னு தெரியுமா உனக்கு?"

"உக்காருன்னா உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பூட்டுக்குள் சாவியை விட்டுப் பார்க்கிற கவனத்தோடு அவர் வேலை செய்வதை வாயைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் கொதித்தது, முட்டை இரண்டும் இறங்கின, நேரமானதும் ஐஸ் தண்ணீருக்குப் போயின. உரித்து, கீறி, உப்பும் மிளகும் தூவி அவள் முன்னால் வைத்தார். கரு மெல்ல வழிந்தது.

அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"ஐய, என்னடா இது, வழியுது!"

"உனக்காகத்தான்."

"எனக்குச் சின்ன வயசுலேருந்தே இது குமட்டும். உனக்கு உரிச்சுக் குடுக்கறப்பவே வேற எங்கயாவது பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

பூட்டுக்காரர் வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் உதவவில்லை. திக்கித் திணறி, தான் நினைத்ததைச் சொன்னார். அக்கா சத்தம் வராமல் சிரித்தாள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"தியாகமா? நல்ல ஆளுடா நீ. எனக்குக் கெட்டியாதான் பிடிக்கும்னு சொன்னேனே."

"அந்தப் பச்சையுமா பிடிக்கும்?"

அவள் சிரிப்பு நின்றது. எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்தாள். காலையில் அவித்து, சாப்பிட மனமில்லாமல் வைத்ததாம். உரித்துக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினாள். கரு ஓரம்வரை சுத்த மஞ்சள். ஒரு கீற்று பச்சை இல்லை.

"இங்க வந்ததுலேருந்து இப்படித்தான் வருது. பத்து நிமிஷம், பதினோரு நிமிஷம், உடனே பச்சத் தண்ணி. தண்ணி சூடாயிட்டா மாத்தி ஊத்தறேன். வேற என்ன வேலை? அடுப்பையேதான் பாத்துட்டு நிக்கறேன்."

"அங்க நம்ம வீட்டுல?"

"அங்க நீ சாப்பிடறப்ப எதிர்ல உக்காந்து பேசிட்டிருப்பேன். எந்திரிச்சுப் போய் முட்டைய எடுக்க மனசு வராது. நீ செருப்பு மாட்டறப்பதான் ஐயையோன்னு ஓடுவேன். அதுக்குள்ள பச்சை கட்டியிருக்கும்." கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இவர் தங்கமான மனுஷன்டா, குறை சொல்லக் கூடாது. ஆனா நான் அவரைத் தூக்கத்துலதான் அதிகம் பாக்கறேன். முழிச்சிருக்கறப்பவும் எது குடுத்தாலும் நல்லா இருக்குங்கறார். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல, அவருக்கும் தெரியல."

திரும்பி வந்துவிடேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"நீ எப்படி இருக்க?"

"பழகிடுச்சு" என்றார்.

"எனக்கும்" என்றாள்.

அக்கா உரித்த ஓட்டுத் துண்டுகளைக் கூட்டி எடுத்தாள்.

உள் அறைக் கதவு திறந்தது. பேக்கரிக்காரர் கலைந்த தலையோடு வந்து, மைத்துனரைப் பார்த்ததும் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார். "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க? எழுப்பியிருக்கலாமே." கண் தட்டுக்குப் போனது. "இது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல" என்றார் பூட்டுக்காரர். "வேணும்னா சாப்பிடுங்க."

பேக்கரிக்காரர் காலையில் வேலையிலிருந்து கொண்டு வந்திருந்த ரொட்டியைப் பிய்த்து, வழிந்த கருவில் தோய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த துண்டு, அதற்கடுத்தது. இரண்டு முட்டையும் காணாமல் போன பிறகுதான் நிமிர்ந்தார்.

"எவ்ளோ நாளாச்சு இப்படிச் சாப்பிட்டு! எனக்கு இந்தப் பதம்தான் உசுரு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப நான் தினமும் கெட்டியா வெச்சுக் குடுத்தப்ப நல்லா இருக்குன்னீங்களே?"

"நீ ஆசையா குடுக்கற..." அவர் தலையைச் சொறிந்தார். "எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்றது! நான் என்ன ஜோசியக்காரியா? கெட்டி பிடிக்காதாமே, வேற என்னென்ன பிடிக்காது? ஒண்ணொண்ணா சொல்லுங்க இப்ப."

"கோவப்படாம கேப்பியா?"

"அது நீங்க சொல்றதப் பொறுத்து."

பேக்கரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார். டீயில் சர்க்கரை அதிகம் என்றார். தலையணை உயரம் என்றார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்தாள். அவருக்கு இவ்வளவு பேச்சு வரும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் பூட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அதுக்குள்ளயா? இருந்து சாப்பிட்டுப் போங்க மச்சான்."

"கொஞ்சம் வேலை இருக்கு, அத்தான்."

அத்தான் என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா திரும்பிப் பார்த்தாள். வாசல்வரை வந்து, "அடுத்த வாரமும் வா, என்ன?" என்றாள். வரேன் என்று தலையாட்டினார். படி இறங்கும்போது மேலே அவள் குரல் கேட்டது: "சரி, உங்களுக்கு ஆறு நிமிஷமா, ஏழு நிமிஷமா?" பேக்கரிக்காரர் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்ப அவர் சாப்பிட்டது ஏழு என்று திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று படியிலேயே நின்றார். பிறகு, அவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று இறங்கினார்.

பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தே போனார். மனதில் பாரம் இல்லை. ஆனால் அது இருந்த இடம் அப்படியே காலியாக இருந்தது. வீட்டுத் தெரு வந்தும் உள்ளே திரும்பவில்லை. நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், திறக்க வேண்டிய நாள் இல்லாவிட்டாலும் கடைப் பலகையைத் தூக்கினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வண்டிகள் வந்தன, போயின. இருட்டும்வரை யாரும் சாவி கேட்டு வரவில்லை.