தளம் தெரியும் போட்டோ

"நம்ம தளத்துல தண்ணி நிக்கிறது பேங்குக்காரங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று மகன் ஒருமுறை கேட்டபோது ஜெசிந்தா சிரித்துவிட்டாள். பிறகு வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் மேனேஜரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்.

புது வீட்டின் கூரைத் தளம் இறுகுவதற்காக அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். தளம் போட்டாயிற்று என்று இன்ஜினியர் சான்றிதழ் கொடுத்திருந்தார். கம்பி, சிமெண்ட் பில்களும் அவள் பெயரிலேயே இருந்தன. கீழிருந்து எடுத்த போட்டோவில் மட்டும் முட்டுக்கம்புகள்தான் தெரிந்தன.

"வீட்டோட சேர்த்து முழுத் தளமும் தெரியணும்மா. அப்பதான் கடன்ல அடுத்த தவணை தருவோம்," என்றார் மேனேஜர்.

தவணை தள்ளிப்போனால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆனால் அப்படி எடுக்கப் பக்கத்து மாடியில்தான் ஏற வேண்டும். மணல் பறக்கிறதென்று அந்த வீட்டு மரகதம் அக்கா பேச்சை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. ஜெசிந்தா தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினாள்.

"இப்பதான் இந்த வீடு கண்ணுக்குத் தெரியுதோ? உன் மணலு என் புட்டுலயும் கெடக்கு," என்றாள் மரகதம். "சரி, செருப்பக் கழட்டிட்டு ஏறு. நல்லா எடுட்டி, பாத்தி கட்டுன தண்ணியும் தெரியட்டும்."

பணம் வந்தது. அடுத்த வாரம் மரகதம் மகளைப் பார்க்க ஊருக்குப் போனாள். தினமும் தளத்துக்குத் தண்ணீர் விட்ட ஜெசிந்தா, குழாயை எட்டிப் பிடித்து அந்த மாடியில் வாடிக்கிடந்த தொட்டிச் செடிகளுக்கும் விட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கர்த்தருக்குத் தெரிந்தால் போதும்.