சாய்கோடு போடாத முக்கோணம்

இருதயநாதன் சாரின் இயந்திர வரைபடக் கையேடு இல்லாமல் பாலிடெக்னிக் டிப்ளமோ பிள்ளைகள் யாரும் பரீட்சைக்குப் போனதில்லை. ஒரே இரவில் படித்து முடித்துவிடலாம். அம்புட்டு மெல்லிசு. செக்‌ஷன் படத்தில், அதாவது பொருளை வெட்டினாற்போல் காட்டும் படத்தில், சாய்கோடு போட்ட இடம் வெட்டுப்பட்ட உலோகம், போடாத இடம் வெற்றிடம் என்று அதில் ஒரே வரியில் விஷயத்தை முடித்திருந்தார். முட்டுக்கொடுக்கும் மெல்லிய தகடான ரிப்பை நீளவாக்கில் வெட்டிக் காட்டும்போது, உலோகமே ஆனாலும் அதற்குச் சாய்கோடு போடும் வழக்கம் இல்லை. அந்த விதிவிலக்கைப் புத்தகத்திலும் எழுதவில்லை, வகுப்பிலும் சொல்லவில்லை. பக்கம் கூடினால் விற்காது என்ற கவலை அவருக்கு.

அதைப் படித்துத் தேறிய சாகுல் ஹமீதுக்குப் பேகம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை கிடைத்தது. தோலைப் போட்டுச் சுற்றும் பீப்பாயை ஓட்டும் ஷாஃப்ட் தண்டைச் சுவரில் தாங்க ஒரு வார்ப்பிரும்பு பிராக்கெட் வேண்டியிருந்தது. அதன் படத்தில், தாங்கும் கைக்கு அடியில் சாய்கோடு இல்லாத ஒரு முக்கோணம். வெற்றிடம் என்று முடிவுகட்டி, ரிப் இல்லாமலே வார்க்கச் சொன்னான். மூன்றாம் மாதம் பிராக்கெட் முறிந்தது. அடியில் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அப்துல் சுக்கூர், ஷாஃப்ட் மேலே விழுந்து அங்கேயே இறந்தார். சுக்கூர், சாகுலின் அக்கா நர்கீஸின் புருஷன்.

விசாரணையில் சாகுல் கையேட்டைக் காட்டினான். தன் பேரில் பழி வராமல் இருந்தால் போதும் என்று சார் கூசாமல் சொன்னார்:

“வகுப்புல சொல்லியிருக்கேன். இவன் கவனிச்சிருக்க மாட்டான்.”

சாகுலின் வேலை போயிற்று. அதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. அக்கா அவனோடு பேச்சை நிறுத்தியதுதான் அவனைத் தின்றது.

மறுவருஷம் கையேடு புதிதாக அச்சாகி வந்தது. ரிப்புக்குச் சாய்கோடு கிடையாது என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, பக்கத்தில் படம் வேறு. என்ன மனுஷன் பாருங்கள். சாகுல் அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். தப்பு தன்னுடையது இல்லை என்று அவள் ஒருத்தி நம்பினால் போதும் அவனுக்கு. படத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாக விளக்கினான்.

நர்கீஸ் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பக்கத்திலிருந்த இன்னொரு படத்தைக் காட்டி இது என்ன என்றாள். அதே பிராக்கெட்டை முன்னாலிருந்து பார்த்த படம் என்றான். நடுவில் ஓடும் இரண்டு கோடுகள் ரிப்பின் இரண்டு பக்கங்கள், இடையில் எழுதிய எண் அதன் கனம்.

“ஒனக்குக் குடுத்த படத்துல இந்த ரெண்டு கோடும் இருந்துச்சா?”

அந்தக் கோடுகளையும் எண்ணையும் வார்க்கச் சொன்ன அன்றைக்கே சாகுல் பார்த்திருந்தான். சந்தேகமும் வந்தது. வரைந்தவர் அழிக்க மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

“இருந்துச்சுக்கா.”

அவள் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

“இனிமே இங்க வராதே.”